பதினாறு லட்சம் அரிசியில் இருபது

தியாகராய நகரில் எங்கள் அடுக்ககத்தில் ஒவ்வொரு ஆண்டும் கார்த்திகையில் ஒரே பேச்சுதான். எதிர்வீட்டு மாமி முறத்தோடு வாசலில் வந்து நிற்பார். "வாங்கினப்போ ஒரு வண்டு இல்லை, இப்போ பாருங்கோ, ஊர்கோலம் போறது" என்பார். பழி மளிகைக்கடைக்காரர் மேல் விழும், அடுத்தது மழையின் மேல், கடைசியில் டிரம்மின் மூடி சரியில்லை என்று முடியும். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரிய குற்றவாளி வேறு. அது மூட்டையின் அளவு.

2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு ஜிஎஸ்டி வந்தது. வரிக்குத் தப்ப வியாபாரிகள் 26 கிலோ மூட்டையைக் கொண்டுவந்தார்கள். மாமி வீட்டில் மூன்று பேர், ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி ஆகும். 26 கிலோ 65 நாளைக்கு வரும். அந்த 65 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முறத்தில் ஊரும் அந்தச் செம்பழுப்புப் பூச்சிக்கு யானைத் தும்பிக்கை போல ஒரு மூக்கு உண்டு. மூன்று மில்லிமீட்டர் நீளம், முதுகில் மங்கலாக நான்கு புள்ளிகள். அரிசி வண்டு, கூன்வண்டு, மூக்கு வண்டு என்று பல பெயரில் சொல்கிறோம். சிட்டோஃபிலஸ் ஒரைசே என்பது அறிவியல் பெயர். 1763-லேயே லின்னேயஸ் இதற்குப் பெயர் சூட்டிவிட்டார். பெண் வண்டு மூக்கின் நுனியால் அரிசியில் ஒரு குழி பறிக்கும், அதில் ஒரு முட்டையை வைக்கும், பிறகு பசை போன்ற ஒன்றால் குழியைப் பூசி அடைத்துவிடும். பூச்சு காய்ந்ததும் அரிசியின் நிறத்தோடு கலந்துபோகும். முட்டை பொரித்து வரும் புழு வெளியே தலை காட்டாது. ஒரே அரிசிக்குள் தின்று, வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாக மாறிய பிறகுதான் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். நம் ஊர் வெப்பத்தில், அதாவது 30 டிகிரியை ஒட்டிய சூட்டில், இதற்கெல்லாம் சேர்த்து 30 முதல் 35 நாள் ஆகும்.

ஆகவே முட்டையோ புழுவோ இருக்கும் அரிசியை வாங்கும்போது பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு கிலோ பொன்னியில் ஏறத்தாழ 60,000 அரிசி இருக்கும். 26 கிலோவுக்குப் பதினாறு லட்சம் ஆகிறது. ஆலையிலோ கிடங்கிலோ கடையிலோ அதில் இருபது அரிசிக்குள் மட்டும் முட்டை விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதினாறு லட்சத்தில் இருபது என்றால் அதைவிடச் சுத்தமான அரிசியை எந்தக் கடைக்காரராலும் தர முடியாது.

மூட்டை அக்டோபர் 15 அன்று வீட்டுக்கு வருகிறது. உள்ளே இருக்கும் புழுக்களில் பல பாதி வளர்ந்தவை. அக்டோபர் முடிவதற்குள் வண்டுகள் வெளிவரத் தொடங்கும். அதற்குள் ஆறேழு கிலோ அரிசியைச் சமைத்திருப்போம், அதோடு சில புழுக்களும் வெந்திருக்கும் (தெரியாமல் தின்றால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, தெரிந்தால்தான் சங்கடம்). பதினைந்து வண்டு மிஞ்சும், அவற்றில் ஏழு பெண் என்று வைப்போம். அரிசி அளக்கும்போது எப்போதாவது ஒன்று கண்ணில் படும், கிள்ளி எறிந்துவிட்டு மறந்துவிடுவோம். ஒரு பெண் வண்டு ஒரு நாளைக்கு மூன்று முட்டை வீதம் இட்டாலும், நவம்பர் முதல் வாரத்தில் மட்டும் 140-க்கு மேல் முட்டை விழும். அவை வண்டாகி வெளியே வருவது டிசம்பர் முதல் பாதியில். அப்போது டிரம்மில் இருப்பது ஆறு கிலோதான். 140-இல் மூன்றில் இரண்டு பங்கை நாமே சமைத்துத் தீர்த்திருப்போம். மீதி நாற்பத்துச் சொச்சம் வண்டுகள், அந்த ஆறு கிலோவில், ஏறக்குறைய ஒரே வாரத்தில் தலைகாட்டும். மாமியின் ஊர்கோலம் இதுதான். வண்டு திடீரென்று வந்துவிடவில்லை. இரண்டாம் தலைமுறை பிறக்கும்வரை நாம் அரிசியை வைத்திருந்தோம்.

இதே வீடு 12 கிலோ வாங்கியிருந்தால் நவம்பர் 14 அன்று தீர்ந்திருக்கும். முதல் தலைமுறையில் ஓரிரு வண்டு கண்ணில் பட்டிருக்கும், இரண்டாம் தலைமுறை முட்டையாகவோ புழுவாகவோ உலைக்குப் போயிருக்கும். எனவே வண்டுக்கு எதிராக நான் சொல்லும் முதல் மருந்து செலவில்லாதது. ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி ஆகிறது என்று அளந்து அதை முப்பதால் பெருக்குங்கள். அதற்கு மேல் ஒருசேர வாங்காதீர்கள். பழைய அரிசி முழுதும் தீர்ந்த பிறகே புதியதைக் கொட்டுங்கள். பழையதன் மேல் புதியதைக் கொட்டினால் மேலே சொன்ன காலண்டர் கலைந்துபோகும், அடியில் கிடக்கும் வண்டுகளுக்குப் புது விருந்து கிடைக்கும்.

இனி ஈரம். தியாகராய நகர் இருக்கும் இடமே ஏரி. மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920-களில் எழுந்த ஊர் இது. 2021 நவம்பர் மழையில் தெருவெல்லாம் தண்ணீர் தேங்கியபோது அந்த ஏரி தன் விலாசத்தை நினைவுபடுத்திவிட்டுப் போனது. மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நிற்கும். அரிசி காற்றோடு சமரசம் செய்துகொள்ளும் பொருள். காற்று ஈரமாக இருந்தால் உறிஞ்சும், வறண்டிருந்தால் விடும். கடையில் வாங்கும்போது அதன் எடையில் 13 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் இருக்கும், அது பரவாயில்லை. மழைக்கால அடுக்களையில் திறந்த சாக்கில் சில வாரம் கிடந்தால் 15-ஐ எட்டிவிடும். அந்த அளவில் பூஞ்சணம் தொடங்கும், மக்கல் வாடை வரும், வண்டும் கொழிக்கும். அரிசியின் ஈரம் 9 சதவீதத்துக்குக் கீழே போனால் இந்த வண்டால் பெருக முடியாது. ஆனால் சென்னைக் காற்றில் அந்த அளவுக்கு அரிசியைக் காயவைத்து, அப்படியே வைத்திருப்பது நடக்கிற காரியம் இல்லை.

இங்கேதான் டிரம்மின் மூடி மேல் விழும் பழியைச் சற்று விசாரிக்க வேண்டும். மூடியைத் திறந்து திறந்து மூடினால் ஈரம் உள்ளே போய்விடும் என்பது எல்லோரும் சொல்வது. 26 கிலோ அரிசி கொள்ள 32 லிட்டர் டிரம் வேண்டும். பாதி காலியான டிரம்மில் மேலே 16 லிட்டர் வெற்றிடம். அதில் புகும் 30 டிகிரி, 80 சதவீத ஈரக்காற்றில் இருக்கும் தண்ணீர் மொத்தமே அரை கிராமுக்குக் குறைவு. கீழே கிடக்கும் 13 கிலோ அரிசியின் ஈரம் ஒரு சதவீதம் ஏற வேண்டுமானால் 130 கிராம் தண்ணீர் வேண்டும். நாளைக்கு இரண்டு முறை திறந்தாலும் அரிசி தீரும்வரை அந்த அளவு சேராது. அதே சமயம், கழுவிவிட்டுச் சரியாகத் துடைக்காத ஆழாக்கை உள்ளே விடுங்கள். அதில் ஒட்டியிருக்கும் நான்கைந்து மில்லி தண்ணீர், பத்து முறை மூடி திறந்ததற்குச் சமம். அதுவும் எல்லா அரிசிக்கும் பரவாமல் ஒரே இடத்தில் இறங்கும். அங்கேதான் அரிசி கட்டிபிடித்துப் பச்சைப் பூஞ்சணம் பூக்கும். ஈர ஆழாக்கு, ஈரக் கை, வெறுந்தரையில் சாய்த்து வைத்த சாக்கு இவைதான் கவனிக்க வேண்டியவை. சாக்கின் அடியில் ஒரு பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

அப்படியானால் மூடியை அடிக்கடி திறப்பதால் கெடுதலே இல்லையா? உண்டு. ஆனால் அது ஈரத்தால் வருவதில்லை, உயிர்க்காற்றால் வருகிறது. அரிசிமணிகளுக்கு இடையே இருக்கும் சந்துகள் மொத்தக் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்கு. நிரம்பிய டிரம்மில் இருக்கும் காற்று 13 லிட்டர்தான், அதில் ஆக்சிஜன் மூன்று லிட்டருக்கும் குறைவு. பாதி காலியானால் காற்று 22 லிட்டர் ஆகிவிடும், அதையும் நாம் தினமும் புதுப்பித்துக் கொடுக்கிறோம். வண்டுக்கு மூச்சுமுட்டும் வாய்ப்பே வராது.

மூச்சுமுட்ட வைப்பது எவ்வளவு வலிய உத்தி என்பதற்கு ஆப்பிரிக்காவில் ஒரு கதை இருக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் கேமரூன் நாட்டில் உழவர்களின் காராமணியை வண்டிடமிருந்து காக்க, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரி மர்டாக் என்ற பூச்சியியலாளரின் குழு பிளாஸ்டிக் பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு இறுகக் கட்டிவைக்கும் முறையை உருவாக்கியது. மருந்து எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் வண்டுகளே ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும், பிறகு செத்துப்போகும். எதனால் சாகின்றன என்று பின்னால் ஆராய்ந்தபோது வந்த விடை வேடிக்கையானது. அவை தாகத்தால் சாகின்றன. உலர்ந்த தானியத்துக்குள் வாழும் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை. தின்ற மாவை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்துத் தனக்கு வேண்டிய தண்ணீரைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் அந்த ஊற்று அடைந்துபோகிறது.

இதை அடுக்களைக்குக் கொண்டுவர மூன்றடுக்குப் பை வேண்டியதில்லை. நன்கு கழுவி, உள்ளே சொட்டு ஈரமில்லாமல் காயவைத்த இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். ஒன்றில் 1.6 கிலோ அரிசி பிடிக்கும். தட்டித் தட்டிக் கழுத்துவரை நிரப்பி மூடியை இறுக்கிவிட வேண்டும். மாமி வீட்டுக் கணக்கில் ஒரு பாட்டில் நான்கு நாளைக்கு வரும். 26 கிலோவுக்குப் பதினாறு பாட்டில் ஆகும். திறந்த பாட்டில் நான்கு நாளில் தீர்ந்துவிடும், திறக்காதவை தம் முறை வரும்வரை புதுக்காற்றைப் பார்க்காது. ஒன்றில் வண்டு பிறந்தாலும் அடுத்ததற்குப் போக முடியாது. ஒரு பாட்டிலில் இரண்டே வண்டு இருந்தால் ஆக்சிஜன் மெல்லத்தான் குறையும், உடனே சாகாது என்பது உண்மை. இரண்டு வண்டு செய்யும் சேதமும் அந்த அளவுதான். பெருக விடாமல் அடைத்துவைப்பதே இதன் பயன்.

உள்ளே இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் பார்க்கும் வழிகள் உண்டு. கையை அரிசிக்குள் விட்டு எடுத்தால் வெள்ளை மாவு ஒட்டுகிறதா, உள்ளே வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சி மிகுந்த தானியம் சூடாகும். ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டால் குடையப்பட்ட அரிசி மிதக்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இதற்கென்றே ஒரு பொறி செய்திருக்கிறார்கள். சிறு துளைகள் போட்ட குழாய், அடியில் கூம்பு. தானியத்துக்குள் செருகிவைத்தால், காற்றைத் தேடி அலையும் வண்டு துளை வழியே குழாய்க்குள் நுழைந்து அடியில் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் முன்பே எண்ணிக்கை தெரிந்துவிடும்.

வண்டு வந்துவிட்ட அரிசியை மொட்டைமாடியில் காயப்போடுவது வழக்கம். வளர்ந்த வண்டுகள் சூடு தாங்காமல் ஓடிவிடும், நமக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் அரிசிக்குள் இருக்கும் புழு சாக வேண்டுமானால் அரிசியே 50 டிகிரிக்கு மேல் சூடேறி ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும். சித்திரை வெயிலில், கறுப்புத் துணியில், ஓரங்குலத்துக்கும் குறைவாகப் பரப்பினால் முடியும். கார்த்திகை மேகத்தில் முடியாது. கடும் வெயிலில் அரிசி விரிசல் விட்டுக் குருணை ஆகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். சூடு ஆறும் முன் டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்க்கும்.

இதைவிட நம்பகமானது ஃப்ரீசர். −18 டிகிரியில் நான்கு நாள் வைத்தால் முட்டை முதல் வண்டு வரை எல்லாம் சாகும். ரவை, மைதா, சிறுதானியம் போன்ற ஒரு கிலோ, அரைக் கிலோ பொட்டலங்களுக்கு இது பொருந்தும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். சில மணி நேரம் மூடியபடியே இருந்து அறையின் சூட்டுக்கு வர வேண்டும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் எப்படி வியர்க்கிறதோ அப்படித்தான் குளிர்ந்த மாவின் மேல் சென்னைக் காற்று தண்ணீராக இறங்கும். அந்த அவசரத்தில் பூச்சியைக் கொன்றுவிட்டுப் பூஞ்சணத்தை வளர்த்தவர்களில் நானும் ஒருவன்.

சிறுதானியங்களின் கதை வேறு திசையில் போகிறது. கேழ்வரகு மணி மிகச் சிறியது, மூக்கு வண்டின் புழு அதற்குள் வளர இடமே இல்லை. அதனால்தான் பழைய நாளில் பஞ்சத்துக்கென்று கேழ்வரகைக் குதிரில் ஆண்டுக்கணக்கில் போட்டுவைத்தார்கள். சோளத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, மணி பெரிது. உமி நீக்கிய தினை, சாமையில் வருவது பெரும்பாலும் அந்துப்பூச்சி. மணிகள் நூலாம்படையால் கட்டிகட்டியாகப் பிணைந்திருந்தால் அதன் புழு வேலை செய்திருக்கிறது என்று பொருள்.

கம்புக்கு வரும் கேடு பூச்சியால் அல்ல. கம்பம் மாவு வாங்கிப் பத்து நாளில் கசக்கிறது, எலி வாடை அடிக்கிறது என்று பலரும் கடைக்காரரிடம் சண்டை போடுகிறார்கள். தீட்டிய அரிசியில் கொழுப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு, கேழ்வரகில் ஒன்றரை, கம்பிலோ ஐந்து. அந்த எண்ணெயைப் பிளக்கும் லிப்பேஸ் என்ற நொதியும் அதே மணிக்குள் தனி அறையில் இருக்கிறது. மணி முழுசாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. மில்லில் அரைத்த நிமிடத்தில் சுவர் இடிந்து இரண்டும் கலக்கின்றன. எண்ணெய் உடைந்து கொழுப்பு அமிலங்கள் பிரிகின்றன, அவை காற்றோடு சேர்ந்து சிக்கு வாடையாகின்றன. முதல் கட்டத்துக்கு ஆக்சிஜன் தேவையே இல்லை, மாவில் இருக்கும் ஈரமே போதும். எனவே எவ்வளவு இறுக்கமான டப்பாவில் போட்டாலும் கம்பம் மாவு கெட்டுக்கொண்டேதான் இருக்கும். கிராமத்தில் கம்பை அன்றன்றைக்கு இடித்ததன் பொருள் இது. மணியாக வாங்கி, ஒரு வாரத்துக்கு மட்டும் அரைத்து, அதையும் குளிர்பெட்டியில் வைப்பதே சரி. கூடுதல் நாள் வேண்டுமென்றால் கொதிக்கும் தண்ணீரில் கம்பை அரை நிமிடம் போட்டு எடுத்து, சுக்காகக் காயவைத்து அரைக்கலாம். ஈரச்சூடு நொதியை முடக்கிவிடும், மாவு சில வாரம் தாங்கும். வெறும் வாணலியில் வறுப்பதில் நொதி அவ்வளவு எளிதில் அடங்காது. ரவையை வறுத்துவைக்கிறோமே, அது வேறு காரணத்துக்கு: பூச்சி முட்டை சாகும், ஈரமும் குறையும்.

மில்லிலிருந்து வரும் மாவு சுடச்சுட இருக்கும். அதைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவைத்த பிறகே டப்பாவில் போட வேண்டும். மாவில் வருவது மூக்கில்லாத செம்பழுப்பு வண்டு, டிரைபோலியம். அது மணியைத் துளைக்காது, மாவில் நேராக முட்டையிடும். சலித்தால் வண்டு சல்லடையில் நிற்கும், முட்டை மாவோடு இறங்கிவிடும். அதிகமாகப் பெருகினால் அது சுரக்கும் குவினோன் என்ற வேதிப்பொருளால் மாவு லேசாக இளஞ்சிவப்பு ஏறிக் காரமான நெடி அடிக்கும். அந்த மாவைச் சலிப்பதில் பயனில்லை, கொட்டிவிட வேண்டியதுதான்.

வேப்பிலை, மிளகாய் வற்றல், வசம்பு பற்றிக் கேட்பீர்கள். வேப்பிலையைப் பச்சையாகப் போடுவது ஈரத்தைக் கூப்பிட்டு உள்ளே விடுவது, சருகாகக் காய்ந்திருக்க வேண்டும். வசம்பில் உண்மையாகவே பூச்சிக்கொல்லித் தன்மை இருக்கிறது. ஆனால் அதிலுள்ள ஆசரோன் எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்கா 1968-லேயே அதை உணவில் தடை செய்தது. துண்டாகத் துணியில் முடிந்து போடலாம், பொடித்துத் தூவக் கூடாது. விளக்கெண்ணெய் பருப்புக்கு நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் பயறு வண்டு முட்டையை மணியின் மேலேயே ஒட்டிவைக்கிறது, எண்ணெய்ப் படலம் அதன் மூச்சை அடைத்துவிடும். அரிசிக்குள் பூசி அடைத்த முட்டையை அந்த எண்ணெய் எட்டாது. போரிக் பொடி, பாதரச மாத்திரை, கிடங்குகளில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மூன்றுக்கும் வீட்டில் இடமில்லை. கடைசியது விடும் வாயு அடைத்த அறையில் ஆளையே கொல்லும்.

மாமி சென்ற ஆண்டு முதல் பாட்டிலுக்கு மாறிவிட்டார். இருந்தும் மாவு டப்பாவில் மட்டும் வண்டு விடாமல் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் டப்பாவை வாங்கி, மூடியின் உள்மடிப்பை ஊசியால் சுரண்டிப் பார்த்தேன். பழைய கோதுமை மாவு இறுகிப்போய் வளையமாக இருந்தது, அதற்குள் ஏழெட்டு வண்டும் புழுவும். மாவு மாறிக்கொண்டே இருந்தது, மூடி மாறவேயில்லை. இப்போது ஒவ்வொரு முறை டப்பா காலியானதும் மடிப்பைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுகிறார். மழை நாளில் டப்பா காய்வதில்லை என்பதால், சமையல் முடிந்து அணைத்த அடுப்பின் மேல் கொஞ்ச நேரம் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் மாவைக் கொட்டுகிறார்.